ஸ்கேன் எடுத்த கண்மாய் அட்டவணையை ஸ்லைடில் திருத்தும்படி போடுவது எப்படி? கடைசி வரிசைக்குத் தெரியணும்

கண்மாய்க்கரை

எல்லாருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் எங்க நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு எழுத்து வேலை நான்தான் பார்க்கிறேன். 24 கண்மாய்களோட விவரம் ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்த பழைய தாள் ஒன்று இருக்கு. வரிசை எண், பெயர், கிராமம், புல எண், ஆயக்கட்டு, கொள்ளளவு, கரை நீளம், மடைகள், பழுதான மடைகள், கலுங்கு நிலை, கடைசியாகத் தூர்வாரிய வருஷம் என்று 11 பத்தி. அதை ஸ்கேன் எடுத்து பவர்பாயிண்டில் படமாகவே ஒட்டிப் போன மாசக் கூட்டத்தில் காட்டினேன். மூணாவது வரிசைக்குப் பின்னாடி யாருக்கும் ஒண்ணும் தெரியலை. ஒரு பெரியவர் எழுந்து, "எங்க கண்மாய் அதுல இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும்மா"ன்னு கேட்டார். எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு.

அடுத்த கூட்டம் பன்னிரண்டு நாளில். பழுதான மடை எண்ணிக்கை மாறிக்கிட்டே இருக்கும், அதனால் படமா வேண்டாம், உள்ளே போய்த் திருத்தக்கூடிய டேபிளா வேணும். ஒரு தடவை முயற்சி பண்ணினேன். 25 வரி, 11 பத்தி போட்டதும் டேபிள் ஸ்லைடுக்குக் கீழே பாதிக்கு மேல் வெளியே தொங்குது. எழுத்தை 8 ஆக்கினாலும் உயரம் குறையவே இல்லை. ஏன்?

சோழவந்தான்_வெற்றிலை

இதுக்கு ஏன் டைப் அடிக்கணும்? எக்செல்ல `Data > From Picture` இருக்கு. படத்தைக் கொடுத்தா கட்டம் கட்டமா எடுத்துத் தந்துடும். அதைக் காப்பி பண்ணி பவர்பாயிண்ட்ல ஒட்டுங்க, எல்லாத்தையும் 10 பாயிண்ட் ஆக்குங்க, ஒரே ஸ்லைடுல அடங்கிடும். பத்து நிமிஷ வேலை.

பல்கலைநகர்_மாணவி

அக்கா, ஸ்கேன் மங்கலா இருக்கிறதுதான் பிரச்சனைன்னா 300 டிபிஐ வைத்து மறுபடி ஸ்கேன் எடுத்து, கான்ட்ராஸ்ட் கூட்டி ஒட்டுங்க. என் ஆய்வேட்டுக்கு அப்படித்தான் செய்தேன், அச்சில் நல்லா வந்தது.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

மாணவிம்மா, அவங்க கேட்கிறது அச்சு இல்லை, திரை. மங்கலா இருக்கிறது வேற, சின்னதா இருக்கிறது வேற. எவ்வளவு தெளிவா ஸ்கேன் எடுத்தாலும் எழுத்து சின்னதுதானே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளைப் படுக்கையா வெச்சா உயரம் 595 பாயிண்ட். அகல ஸ்லைடின் மொத்த உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 பாயிண்ட். தலைப்புக்கும் அடி ஓரத்துக்கும் 100 போக மிச்சம் 440. 595-ஐ 440-க்குள் அடக்கினால் தாளில் 10 பாயிண்டா இருந்த எழுத்து ஸ்லைடில் 7 சொச்சம் ஆயிடும். அதைத்தான் கூட்டத்தில் காட்டியிருக்கீங்க.

தங்கச்சி, உங்க கூட்ட அறை எவ்வளவு நீளம், திரை எவ்வளவு உயரம்? அதைச் சொன்னால்தான் எழுத்து அளவு சொல்ல முடியும்.

கண்மாய்க்கரை

அண்ணே, திரையிலிருந்து கடைசி நாற்காலி வரைக்கும் 30 அடி இருக்கும். திரையில் விழுகிற படத்தோட உயரம் அஞ்சடி.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

அப்போ கடைசி ஆள் திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்தில் உட்கார்ந்திருக்கார். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 15.6 அங்குல மடிக்கணினியில் திரை உயரம் சுமார் 7.6 அங்குலம். அதுக்கு ஆறு மடங்கு 46 அங்குலம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்லைடை முழுத்திரையில் போட்டுட்டு நாலடி தள்ளி நில்லுங்க. உங்களுக்கு எப்படித் தெரியுதோ, அந்தப் பெரியவருக்கும் கூட்டத்தில் அப்படித்தான் தெரியும். கண்ணாடி போட்டவங்க யாராவது வீட்டில் இருந்தால் அவங்களை நிறுத்திப் பாருங்க, அதுதான் சரியான சோதனை.

இன்னொரு விதமாகவும் சொல்றேன். நாம புத்தகம் பிடிக்கிற தூரம் பதினாறு அங்குலம்னு வெச்சுக்குவோம். நாலடி என்பது அதைப்போல மூணு மடங்கு. அதனால் ஸ்லைடு எழுத்தில் மூணில் ஒரு பங்குதான் கடைசி வரிசைக்காரர் கண்ணுக்குப் படும். 24 பாயிண்ட் போட்டால் அவருக்கு 8 பாயிண்ட் செய்தித்தாள் எழுத்து மாதிரி. 18 போட்டால் 6 பாயிண்ட், மாத்திரை அட்டைப் பின்னாடி இருக்கிற எழுத்து மாதிரி. வெற்றிலைத் தம்பி சொன்ன 10 பாயிண்ட், மூணு சொச்சம். அதை யாரும் படிக்க முடியாது.

உங்க ஸ்கேன் படம் 7 பாயிண்ட். அந்தப் பெரியவருக்கு இரண்டரைப் பாயிண்டுக்கும் கீழேதான் போயிருக்கும்.

இந்த அறைக்கு 20-க்குக் கீழே போகாதீங்க. தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் காலும் அடர்த்தியா வரும். அதே அளவில் ஆங்கிலம் படிக்க முடிந்தாலும் தமிழ் அப்பிக்கும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம், அதுதான் முதலில் காணாமல் போறது.

கண்மாய்க்கரை

சோதிச்சுப் பார்த்தேன் அண்ணே. அப்பாவை நிறுத்தினேன். 16-ல் பெயரைத் திணறிப் படிச்சார், எண்களைத் தப்பாச் சொன்னார். 20-ல் படிச்சுட்டார். ஆனா 20-ல் 24 வரியும் 11 பத்தியும் எப்படி அடங்கும்?

டவுன்ஹால்ரோடு_டிடிபி

அடங்காது. அதை முதல்லயே ஒத்துக்கிட்டா மிச்ச வேலை சுலபம்.

அகலம் 960 பாயிண்ட். இரண்டு பக்கமும் 40 விட்டால் 880. பதினொண்ணால் வகுத்தால் பத்திக்கு 80. அதிலும் கட்டத்துக்குள் இடம் வலம் விளிம்பா 14 போயிடும், 65-தான் மிச்சம். 20 பாயிண்டில் "கொள்ளளவு" என்ற ஒரே சொல்லுக்கே அது போதாது. சொல்லை நடுவில் உடைத்து மிச்ச எழுத்துகளைக் கீழ் வரிக்குத் தள்ளிடும். ஒரு கட்டத்தில் உடைந்தாலும் அந்த வரி முழுக்க உயரம் இரண்டு மடங்காகும்.

கூட்டத்தில் என்ன முடிவு எடுக்கப் போறீங்க? எந்தக் கண்மாயை முதலில் எடுத்துச் செய்யறது, அதுதானே? அதுக்குப் பெயர், ஆயக்கட்டு, மடைகள், பழுதான மடைகள், கலுங்கு நிலை, தூர்வாரிய வருஷம், இந்த ஆறு போதும். பெயருக்கு 300, மற்ற அஞ்சுக்கும் தலா 116. கூட்டினால் 880. கரை நீளம், கொள்ளளவு, புல எண் எல்லாம் அச்சடித்த தாளில் கையில் கொடுங்க. பதினோரு பத்தியும் எக்செல்லில் முழுசா இருக்கட்டும். ஸ்லைடு அதிலிருந்து எடுத்த ஒரு பகுதி.

உயரக் கணக்கு: என் கணினியில் நிர்மலா எழுத்துருவில் 20 பாயிண்டுக்கு ஒரு வரி சுமார் 27 பாயிண்ட் எடுக்கும். கட்டத்தின் மேல் கீழ் விளிம்பு 7 சேர்த்தால் 34. தலைப்பு வரி இரண்டு அடுக்கு, 61. மிச்சத்தில் 11 வரிதான் வரும். `Layout > Cell Margins > Custom Margins` போய் மேலும் கீழும் 0.05 அங்குலத்தை 0.02 ஆக்குங்க. வரி 30 ஆயிடும், 12 வரி அடங்கும். இரண்டு ஸ்லைடில் 24.

8 ஆக்கியும் ஏன் உயரம் குறையலைன்னு கேட்டீங்க. இரண்டு காரணம் இருக்கலாம். உங்க டேபிளில் காலிக் கட்டம் இருக்கா? காலிக் கட்டத்துக்கும் எழுத்து அளவு உண்டு. எழுத்து இருக்கிற கட்டங்களை மட்டும் தேய்த்து 8 ஆக்கினால் காலிக் கட்டம் 18-லேயே நின்று அந்த வரியைத் தாங்கிப் பிடிச்சுக்கும். டேபிளின் வெளி விளிம்பைச் சொடுக்கி மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அளவு மாத்துங்க. இரண்டாவது, எழுத்து சின்னதானதும் வரி தானா ஒடுங்காது. `Layout` பட்டையில் உயரப் பெட்டியில் சின்ன எண் ஒன்று அடிங்க, எழுத்து எவ்வளவு அனுமதிக்குதோ அந்த அளவுக்கு ஒடுங்கி நிற்கும்.

கண்மாய்க்கரை

ஆமாண்ணே! தூர்வாரிய வருஷம் தெரியாத கண்மாய்களுக்குக் காலியா விட்டிருந்தேன். முழுசாத் தேர்ந்தெடுத்துச் செஞ்சதும் இறங்கிடுச்சு. இரண்டு நாளா இதோட மல்லுக்கட்டினேன்.

சோழவந்தான்_வெற்றிலை

அண்ணே சொன்ன அளவுக் கணக்கை ஏத்துக்கிறேன், 10 பாயிண்ட் தப்புதான். ஆனா டைப் அடிக்க வேண்டாம் என்பதில் மாறலை. அக்கா தனிச்செய்தியில் அனுப்பின ஸ்கேனை எக்செல்ல கொடுத்துப் பார்த்தேன். எண் எல்லாம் பெரும்பாலும் வந்துச்சு, தமிழ் மட்டும் கண்டபடி லத்தீன் எழுத்தா வந்துச்சு. அதனால் இதையும் ஓட்டினேன்:

```
tesseract kanmai.png kanmai -l tam+eng --psm 6
```

பெயர் பத்தி பாதிக்கு மேல் சரியா வந்திருக்கு. ஆனா இடைவெளியை வெச்சுப் பத்தி பிரிச்சா சில வரியில் எண்கள் இடம் மாறி நிற்குது. ஏன்னு புரியலை.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

காலிக் கட்டம் தம்பி. படிக்கிற மென்பொருளுக்கு வெறும் இடம் கண்ணில் படாது. ஏழாவது பத்தி காலியா இருந்தால் எட்டாவது பத்தி எண் ஏழுக்கு நகர்ந்து உட்காரும். எண் சரியா இருக்கும், இடம் தப்பா இருக்கும். மூணு மடையில் ஒண்ணு பழுதான கண்மாயில் மொத்தமே ஒரு மடைதான்னு காட்டும். பார்க்கிறவங்களுக்குச் சந்தேகமே வராது. எழுத்துப் பிழையை விட இதுக்குத்தான் நான் பயப்படுவேன்.

24 வரி, 11 பத்தி, மொத்தம் 264 கட்டம். கை பழகினவங்களுக்கு முக்கால் மணி நேரம். அந்த வெளியீட்டைத் திருத்துறதுக்கும் அதே நேரம் ஆகும். ஆனால் தம்பி சொன்னதில் ஒரு பாதி உபயோகம் இருக்கு: எண் பத்திகளை மட்டும் வெட்டி, ஒவ்வொரு பத்தியாக எக்செல்லுக்குக் கொடுங்க. பெயரையும் கிராமத்தையும் கையால் அடிங்க. வெட்டுறதுக்கு முன்னால் படத்தைச் சாய்வு இல்லாமல் நேராக்கணும்.

சோழவந்தான்_வெற்றிலை

நூறு பக்கம் இருந்தா நீங்களே என் வழிக்கு வருவீங்க அண்ணே.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

நூறு பக்கம்னா வருவேன். இது ஒரு பக்கம்.

ஓய்வு_விஏஓ

அம்மா, நான் கிராம நிர்வாக அலுவலரா இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, புல எண். 12/3 என்று எக்செல்லில் அடித்தால் அது தேதியாக எடுத்துக்கொண்டு மார்ச் 12 என்று காட்டும். பிறகு அதை எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் ஐந்து இலக்கத்தில் வேறு ஏதோ எண் வரும், 12/3 திரும்பி வராது. 45/2A போன்றவை அப்படியே நிற்கும் என்பதால், பத்தியைப் பார்த்தவுடன் கோளாறு தெரியாது. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை `Text` என்று வைத்துவிடுங்கள்.

இரண்டு, கிராமப் பெயர்ப் பத்தியில் ௸ என்று இருக்கிறதா பாருங்கள். சில தாள்களில் ஷை என்றும் இருக்கும். "மேற்படி" என்று பொருள். அதை அப்படியே அடித்துவிட்டு, வரிகளை இரண்டு ஸ்லைடாகப் பிரித்தாலோ ஆயக்கட்டு வாரியாக அடுக்கினாலோ மேற்படி என்பது வேறொரு கிராமத்தைச் சுட்டும். ஒவ்வொரு இடத்திலும் ஊர்ப் பெயரை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு வரிசை மாற்றுங்கள்.

கண்மாய்க்கரை

ஐயா, ஏழு இடத்தில் ஷை இருக்கு! ஏதோ கிராமத்தோட சுருக்கப் பேர்னு நினைச்சிருந்தேன். ரொம்ப நன்றி ஐயா.

திருமங்கலம்_டீச்சர்

நான் மதிப்பெண் பட்டியலை இப்படி ஸ்லைடில் போட்டப்போ, எண்களை நடுவில் நிறுத்தினேன். 9-ம் 90-ம் ஒரே மாதிரி கண்ணில் பட்டு, பெற்றோர் குழம்பிட்டாங்க. அப்புறம்தான் வலப்பக்கம் ஒட்டினேன். ஆயக்கட்டு எண்ணில் புள்ளி வருதே, அதுக்கு என்ன செய்வீங்க?

டவுன்ஹால்ரோடு_டிடிபி

சரியாக் கேட்டீங்க டீச்சர். எல்லா எண்ணுக்கும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் ஒரே சீரா வெச்சு வலப்பக்கம் ஒட்டினால் புள்ளி எல்லாம் நேர்க்கோட்டில் நிற்கும். 38.5 என்று விடாமல் 38.50. ஏக்கர்-சென்ட் கணக்கில் 38.5-ஐ 38 ஏக்கர் 5 சென்டுன்னு யாராவது படிச்சுடுவாங்க, அது 50 சென்ட் இல்லையா.

கண்மாய்க்கரை

எக்செல்லில் எல்லாம் ஏத்திட்டேன். ஆயக்கட்டுப் பத்தியில் `=SUM(E2:E25)` போட்டால் 1,819.35 வருது. தாளில் அடியில் மொத்தம் 1,846.35. மூணு தடவை மேலிருந்து கீழே பார்த்துட்டேன், தப்பு கண்ணில் படலை.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

வித்தியாசம் 27. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுது. இப்படி வந்தால் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருக்கும்னு முதலில் சந்தேகப்படணும். 27-ஐ ஒன்பதால் வகுத்தால் 3, அப்போ அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவில் 3 வித்தியாசம். பத்து, ஒன்று இடங்களில் 14, 25, 36, 47, 58, 69 மாதிரி ஏதாவது நீங்க அடிச்சிருக்கீங்களான்னு மட்டும் தேடுங்க. உங்க கூட்டல் குறைவா இருக்கிறதால் தாளில் அது திருப்பிப் போட்டு இருக்கும்.

கண்மாய்க்கரை

47.20! தாளில் 74.20. அண்ணே, ஒரு நிமிஷத்தில் கிடைச்சுடுச்சு. இப்போ கூட்டல் தாளோடு பொருந்துது.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

நல்லது. ஆனால் கூட்டல் பொருந்தினால் எல்லாம் சரின்னு ஆகாது. ஒரு வரியில் கூடி இன்னொரு வரியில் குறைஞ்சாலும் பொருந்தும், இரண்டு எண் வரி மாறி உட்கார்ந்தாலும் பொருந்தும். எங்க கடையில் ஒருத்தர் மூலத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பார், இன்னொருத்தர் அடிச்சதைப் பார்ப்பார். அப்பாவைப் படிக்கச் சொல்லுங்க. கண்மாய் பெயரோடு சேர்த்து வரி வரியா ஒரு தடவை, எண்களை மட்டும் பத்தி பத்தியா ஒரு தடவை. "எழுபத்தி நாலு" என்று சொல்லாமல் "ஏழு, நாலு" என்று இலக்கம் இலக்கமா.

அதுக்கப்புறம் ஸ்லைடு. எக்செல்லில் ஆறு பத்தியை மட்டும் தனித் தாளில் வெச்சு, காப்பி பண்ணி, ஸ்லைடில் ஒட்டும்போது `Use Destination Styles` எடுங்க. படமா ஒட்டிடாதீங்க, திரும்பவும் பழைய கதைதான். முதலில் 24 வரியும் ஒரே டேபிளா இருக்கட்டும், கீழே தொங்கினால் தொங்கட்டும். பத்தி அகலம், எழுத்து அளவு, விளிம்பு எல்லாம் அதிலேயே சரி பண்ணுங்க. பிறகு இடப்பக்கப் பட்டியில் அந்த ஸ்லைடைச் சொடுக்கி `Ctrl+D` அடிச்சு ஸ்லைடை நகலெடுங்க. முதல் ஸ்லைடில் கீழ்ப் பன்னிரண்டை அழிங்க, இரண்டாவதில் மேல் பன்னிரண்டை. தலைப்பு வரி இரண்டிலும் இருக்கும், அகலமும் அச்சா ஒரே மாதிரி இருக்கும். ஸ்லைடு மாறும்போது பத்தி நகராது. டேபிள் தானா அடுத்த ஸ்லைடுக்கு ஓடாது, நாமதான் உடைக்கணும்.

கண்மாய்க்கரை

செஞ்சுட்டேன். முதல் ஸ்லைடு அழகா உட்கார்ந்துச்சு. இரண்டாவதில் மொத்தம் வரி சேர்த்தால் 13 வரி, கொஞ்சம் கீழே இடிக்குது.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

13 வரியும் தலைப்பும் 447, நமக்கு இருக்கிறது 440. அந்த ஏழுக்காக எழுத்தைக் குறைக்காதீங்க. மொத்தத்தை ஸ்லைடு தலைப்பிலேயே எழுதிடுங்க: "24 கண்மாய்கள், ஆயக்கட்டு 1,846.35 ஏக்கர்". கூட்டம் தொடங்கும்போதே அந்த எண் தெரிஞ்சுடும்.

பல்கலைநகர்_மாணவி

அக்கா, தூர்வாரிய வருஷம் காலியா இருக்கிற இடத்தில் 0 போட்டுடலாமா? காலியா விட்டா ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கே.

ஓய்வு_விஏஓ

0 போடக் கூடாது அம்மா. பழுதான மடைப் பத்தியில் 0 என்றால் பழுதே இல்லை என்று பொருள். கோடு என்றால் கணக்கெடுக்கவில்லை என்று பொருள். மூலத்தில் கோடு இருந்தால் கோடே இருக்கட்டும். வெற்றாக இருந்த இடத்துக்கு "தகவல் இல்லை" என்று எழுதுவதுதான் நேர்மை.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

நேர்மைதான் ஐயா, ஆனால் 116 பாயிண்ட் பத்தியில் "தகவல் இல்லை" இரண்டு வரியா மடங்கும், வரி உயரம் ஏறிடும். நான் கோடு போட்டு, ஸ்லைடின் அடியில் ஒரு குறிப்பு எழுதுவேன்.

ஓய்வு_விஏஓ

குறிப்பை யார் படிக்கிறார்கள்? அதையும் 12 பாயிண்டில் போடுவீர்கள். பத்தியை அகலமாக்குங்கள்.

கண்மாய்க்கரை

ஐயா, அண்ணே, அதை நான் இரண்டு விதமாகவும் போட்டு அப்பாவிடம் காட்டுறேன். இப்போ வேற ஒண்ணு. மடைகள் பத்தியில் என் கூட்டல் 60, தாளில் 61. புதுக்கண்மாய் வரியில் எண் மேல் மை அப்பியிருக்கு, 2-ம் மாதிரி இருக்கு, 3-ம் மாதிரி இருக்கு. நான் 2-ன்னு அடிச்சேன். மொத்தத்தைப் பார்த்தா 3-ன்னு தோணுது. மாத்திடவா?

சோழவந்தான்_வெற்றிலை

மாத்துங்க அக்கா. ஸ்கேனைப் பெரிசாக்கிப் பார்த்தேன், வளைவு 3 மாதிரிதான் இருக்கு.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

மொத்தம் பொருந்தணும்னு எண்ணை மாத்துறது எனக்குப் பிடிக்கலை. அந்த மொத்தத்தையே அன்னிக்குத் தப்பாக் கூட்டியிருக்கலாம். ஆயக்கட்டு மொத்தம் சரியா இருந்ததால் இதுவும் சரியா இருக்கும்னு நம்பலாம், அவ்வளவுதான். புதுக்கண்மாய் உங்க ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?

கண்மாய்க்கரை

நாலு கிலோமீட்டர் அண்ணே. நாளைக்குக் காலையில் வண்டியில் போயிட்டு வரேன்.

கண்மாய்க்கரை

போயிட்டு வந்துட்டேன். கரையில் நடந்து எண்ணினால் இரண்டு மடைதான் தண்ணி விடுற நிலையில் இருக்கு. அங்கே மாடு மேய்ச்சுக்கிட்டிருந்த தாத்தா, கிழக்கே கருவேலம் புதருக்குள்ளே மூணாவது மடை ஒண்ணு இருக்கு, மண் மூடிக் கிடக்குன்னு காட்டினார். கல்லு மட்டும் தெரியுது. அப்போ மடைகள் 3, பழுதானது 1-ன்னு போடவா, இல்லை மடைகள் 2-ன்னே போடவா? பழுதான மடைப் பத்தியில் தாளில் அந்த வரிக்குக் கோடுதான் இருக்கு.

ஓய்வு_விஏஓ

கல் இருக்கிறது என்றால் மடை இருக்கிறது அம்மா. 3 என்று போடுங்கள். ஆனால் பழுதானது 1 என்பது தாளில் இல்லாத தகவல், அது நீங்கள் நேற்று பார்த்தது. அதைத் தாளின் எண்ணோடு கலக்காமல் எப்படிக் காட்டுவது என்று டிடிபிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

டவுன்ஹால்ரோடு_டிடிபி

அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் வேற பின்னணி நிறம் கொடுக்கலாம். இல்லைன்னா நேரில் பார்த்த எண்ணுக்கு ஏழாவதா ஒரு பத்தி. அப்படிச் செஞ்சால் பெயர்ப் பத்தியிலிருந்து 116 எடுக்கணும், 184-தான் மிச்சம். உங்க நீளமான கண்மாய்ப் பெயர் அதில் ஒரே வரியில் நிற்குமான்னு போட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.